இடமில்லை என்பதற்கும் இருநூறு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நானூறு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ என்று நினைத்துக்கொள்வார். நானூறு என்றால் திரும்பிப் பார்ப்பார். என்னைப் போல வயதில் சின்னவர்களுக்கு நானூறு அக்கா.

பெயர் வந்த கதை பெரிதில்லை. சர்வரிடம், அதாவது எங்கள் மத்தியக் கம்ப்யூட்டரிடம், கேட்கக் கூடாததைக் கேட்டால், ‘நீ கேட்டதே தப்பு, ஒழுங்காகக் கேள்’ என்று அது திருப்பிச் சொல்ல வேண்டிய எண் நானூறு. அதைத் தப்புத் தப்பாகக் கேட்டுப் பார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு. முப்பத்திரண்டாம் தேதிக்கு வண்டி கேட்பார். வயது இருக்க வேண்டிய இடத்தில் ‘பரவாயில்லை’ என்று எழுதி அனுப்புவார். சாவி இல்லாமல் கதவைத் தட்டி, ‘நீ யார்?’ என்று கேட்கிற நானூற்று ஒன்று வருகிறதா என்று பார்ப்பார். வராமல் உள்ளே விட்டுவிட்டால் அன்றைக்கு சர்வருக்கான நிரலை எழுதியவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மேனேஜர், “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டார். “இதுதாங்க வேலை. சம்பளமே இதுக்குத்தான் குடுக்குறீங்க” என்றார் அக்கா. சிரிக்காமல் சொன்னார். நாங்கள்தான் சிரித்தோம்.

நான் போன் எடுக்கிற ஆள். காதில் ஒன்று, வாயருகே ஒன்று மாட்டிக்கொண்டு, ஊரில் இருக்கிறவர்கள் திட்டுவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இடுப்புயரத் தடுப்பு ஒன்றுதான். அவர் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை யாரும் அடைக்காமல் விட்டால், அதன் வழியாக ஒழுகுவது முழுக்க என் தலையில்தான் விழும். அதனால் அக்காவின் வேலை எனக்குத் தெரியும். யாரையும் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் என் மனைவியிடம் கேட்டால் சொல்வாள், இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது என்று. இருந்தாலும் சொல்கிறேன், அந்த அலுவலகத்தில் வேலை தெரிந்து வேலை செய்தவர்கள் ரொம்பக் குறைவு. அதில் முதல் ஆள் அவர்.

நிறுவனம் செய்வது இதுதான். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. நோயாளி போனில் இருக்கும் ஆப்பைத் திறந்து, நாளும் நேரமும் போட்டுப் பொத்தானை அழுத்துவார். ஆப் அந்த வேண்டுகோளை எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் இரண்டு விஷயங்களைத் திருப்பித் தரும். முதலில் ஒரு எண், காரியம் ஆனதா ஆகவில்லையா என்று சொல்வது. அடுத்தது பதிலின் உடம்பு, அதாவது விவரம். வண்டி பதிவானால் இருநூற்று ஒன்று; விவரத்தில் பதிவு எண் இருக்கும். அந்த நேரத்து வண்டிகளெல்லாம் நிரம்பிவிட்டால் நானூற்று ஒன்பது வர வேண்டும். விவரத்தில் ‘இடமில்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று இருக்க வேண்டும். எண்ணும் உடம்பும் ஒரே பேச்சாகப் பேசுகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. இதற்குமேல் இந்தக் கதைக்குத் தொழில் தெரிய வேண்டாம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லுவார். வீட்டில் அவரும் அவருடைய அண்ணனும் மட்டும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சிறுநீரகம் போன பிறகு வேலையை விட்டவர். அவரும் எங்கள் வண்டியில்தான் டயாலிசிஸுக்குப் போய்வந்தார். தங்கை மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். ஒல்லியான ஆள். ஊசி குத்திக் குத்தி இடது கை மட்டும் முண்டும் முடிச்சுமாக இருந்தது. வந்தவர் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, எங்கள் லிஃப்டைப் பற்றித்தான் பேசினார்.

“ரெண்டாவது மாடி வரும்போது ஒரு முனகல் வருதே, கேட்டிருக்கீங்களா?”

“அது எப்பவும் வர்றதுதாங்க” என்றேன்.

“எப்பவும் வர்றதுன்னா சரின்னு ஆயிடுமா? என் தங்கச்சிகூட இருந்துமா இப்படிப் பேசுறீங்க?”

அக்காவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?” என்றார்.

அலுவலகத்தில் அக்கா போட்ட பெரிய சண்டை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது.

வண்டி பதிவு செய்கிற அந்த வழியை முதல் தடவை சோதித்தபோதே அக்கா பிடித்துவிட்டார். இடம் நிரம்பிய நேரத்துக்கு வேண்டுகோள் அனுப்பினால், வர வேண்டிய நானூற்று ஒன்பது வரவில்லை. இருநூறு வந்தது. இருநூறு என்றால் எல்லாம் சரி. உள்ளே விவரத்தைப் பார்த்தால் பதிவு எண் இருக்க வேண்டிய இடம் காலி. பக்கத்தில் சின்னதாக ‘இடமில்லை’ என்று ஒரு குறிப்பு. ஆப்போ விவரத்தைப் படிப்பதே இல்லை. எண் இருநூறுகளில் ஏதாவது ஒன்றாக இருந்தால் பச்சை டிக் போட்டு, ‘உங்கள் வேண்டுகோள் ஏற்கப்பட்டது, பதிவு எண்’ என்று காட்டிவிடும். அதற்குப் பக்கத்தில் எண் இல்லாமல் வெறும் வெள்ளை.

அக்கா பிழை என்று பதிந்தார். சர்வர் எழுதியவர் ‘இப்படித்தான் வடிவமைத்தோம்’ என்று அந்தப் புகாரை மூடினார். அக்கா திறந்தார். அவர் மூடினார். கடைசியில் மேனேஜரின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பேசினார்கள். கதவு சாத்தியிருந்தும் எனக்கு எல்லாம் கேட்டது. காது கேட்பதுதானே என் தொழில்.

சர்வர் எழுதியவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “நோயாளிங்க போன்ல இருக்கிற பழைய ஆப்புக்கு இருநூறுகளைத் தவிர எது வந்தாலும் இணையம் இல்லைன்னுதான் புரியும். மறுபடி மறுபடி தானா அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒரு காலை நேரம் நிரம்புச்சுன்னா சர்வரே படுத்துடும். அப்புறம் யாருக்குமே வண்டி கிடைக்காது.”

“அப்ப ஆப்பைச் சரி பண்ணுங்க” என்றார் அக்கா.

“பண்ணலாம். வயசானவங்க எத்தனை பேர் ஆப்பைப் புதுசு பண்ணுறாங்க? பழசை வச்சிருக்கிறவங்க என்ன ஆவாங்க?”

“வண்டி இல்லாதவங்ககிட்ட வண்டி இருக்குன்னு சொல்றோங்க. அது தெரியுதா உங்களுக்கு?”

மேனேஜர் நடுவில் புகுந்தார். “இடம் நிரம்புறது எப்பவோ ஒரு தடவைதான். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். இப்ப உங்க டெஸ்ட் சிவப்பாவே இருக்கிறதால ஒண்ணையும் வெளியே விட முடியல. அதை மாத்திக் குடுங்க.”

இதை விளக்க வேண்டும். புதிதாக எதை வெளியிட்டாலும் அதற்கு முன் எல்லா டெஸ்ட்டுகளும் தாமாகவே ஒரு சுற்று ஓடும். ஒன்று சிவப்பானாலும் கதவு திறக்காது. நானூற்று ஒன்பது வர வேண்டும் என்று அக்கா எழுதி வைத்த டெஸ்ட் தினமும் சிவந்துகொண்டிருந்தது. அதனால் நிறுவனமே நின்றது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருவரை அழுத்தினால் என்ன ஆகுமோ அது ஆனது. அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இடம் நிரம்பியிருந்தால் இருநூறு வர வேண்டும், பதிவு எண் காலியாக இருக்க வேண்டும் என்று மாற்றி எழுதினார். ஓட்டினார். பச்சை.

“முடிஞ்சுதா அக்கா?” என்றேன்.

“முடிஞ்சுது. தப்பு ஒழுங்கா நடக்குதான்னு இனிமே நானே காவல் காக்குறேன்.”

அன்றைக்கு அவர் டிபன் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அடுத்த ரிலீஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவுபடுத்தினார். கொஞ்ச நாளில் அவர் வாயைத் திறக்கும்போதே மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டில் மட்டும் அண்ணனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். டிக்கை நம்பாதே, பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பார், காலியாக இருந்தால் உடனே எனக்குச் சொல் என்று. அண்ணனும் அப்படியே பார்ப்பார். நானும் போனில் அழைக்கிறவர்களிடம் அதையே சொல்லுவேன். ஊர் முழுக்க எத்தனை பேரிடம் இப்படிக் காதில் ஓத முடியும்? மற்றவர்கள் டிக்கைப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அது அக்காவை அரித்தது. “என் வீட்டு ஆளுக்கு மட்டும் குடை பிடிச்சுட்டேன்” என்று ஒருநாள் சொன்னார். காபி எடுத்துவந்து வைத்தேன்.

பிறகு நிறுவனம் செலவைக் குறைக்கிறேன் என்று வண்டிகளைக் குறைத்தது. எப்பவோ ஒரு தடவை நிரம்பியது வாரத்துக்குப் பலமுறை நிரம்பியது. எனக்கு அழைப்புகள் குவிந்தன. அந்தச் சமயத்தில்தான் பழைய சர்வர்க்காரர் வேறு இடத்துக்குப் போக, அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வேறு நிறுவனங்களில் பல வருஷம் இதே தொழில் செய்தவர். வந்த சில நாட்களிலேயே அந்தப் பதிவு வழியைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “யாருங்க இதை எழுதினது? இது விளையாடுற இடமா?” என்று சத்தமாகவே கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நல்ல மனுஷன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

அவர் ஆப் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கமும் சேர்ந்து மாற்றுவது என்று முடிவு செய்தார். சர்வர் இனி நானூற்று ஒன்பது சொல்லும். புதிய ஆப் அதைப் பார்த்தால் சிவப்பில் ‘இடமில்லை, அழையுங்கள்’ என்று காட்டும். பழைய ஆப்பெல்லாம் கட்டாயமாகப் புதுப்பித்துக்கொள்ளும். பதிவு எண் என்ற வரியையும் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இடமில்லை என்றால் இடமில்லை என்றே சொல்லப்போகிறோம், பிறகு வயதானவர்களை எண்ணைக் காட்டி ஏன் குழப்ப வேண்டும் என்று. இதில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா? நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அக்கா அப்போது எங்கள் மாடியில் இல்லை. ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு கிளைக்கு, ஏதோ மருந்துக் கடைக்கான வேலைக்கு அவரை இரவல் கொடுத்திருந்தார்கள். காலையில் அண்ணன் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிப் போய்விடுவார். புதிய சர்வர்க்காரருக்கு அவரைத் தெரியாது. அக்காவுக்கும் இந்த மாற்றம் நடப்பது தெரியாது. தெரிந்திருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்.

ரிலீஸ் அன்று டெஸ்ட்டுகள் ஓடின. ஒன்றே ஒன்று சிவந்தது. ‘எதிர்பார்த்தது 200, வந்தது 409.’

அக்காவின் டெஸ்ட். அவர் வேண்டா வெறுப்பாக மாற்றி எழுதியது. சரியான பதில் வந்தவுடன், அது தப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

புதியவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போனார். “இந்த டெஸ்ட்தான் தப்புங்க. எடுத்துடலாம்.”

“இது யார் எழுதினதுன்னு தெரியுமா?” என்றார் மேனேஜர். “நானூறு எழுதினது. இத்தனை வருஷத்துல அவங்க டெஸ்ட் பொய் சொல்லி நான் பாத்ததில்ல. அது சிவக்குதுன்னா நீங்கதான் எதையோ உடைச்சிருக்கீங்க.”

“நான் எதையும் உடைக்கல. வேணும்னா அவங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாம்.”

“வேற வேலைல இருக்காங்க. அடுத்த வாரம் வந்துடுவாங்க. அதுவரைக்கும் உங்க மாத்தத்தைத் திரும்ப எடுத்துக்குங்க.”

கண்ணாடி அறையில் முன்பு எதிரே உட்கார்ந்து, இந்த டெஸ்ட்டை மாற்றிக் கொடுங்கள் என்று சொன்ன அதே மேனேஜர். அவருக்கு அது நினைவே இல்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. அவருக்கு நினைவில் இருந்தது அக்காவின் கெட்டிக்காரத்தனம் மட்டும். மறதிக்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டார் அந்த மனுஷன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சர்வர் பழையபடி இருநூறு சொல்லிக்கொண்டிருந்தது. ஆப் எழுதுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் ஆப்பைச் சோதித்தது உண்மையான சர்வரோடு அல்ல, அதைப் போலவே பதில் சொல்ல அமைத்த போலிச் சர்வரோடு. அது ஒழுங்காக நானூற்று ஒன்பது சொன்னது, ஆப் ஒழுங்காகச் சிவப்பைக் காட்டியது. எல்லாம் பச்சை என்று சொல்லி வெளியே விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரில் உள்ள நோயாளிகள் அத்தனை பேர் போனிலும் புதிய ஆப் தானாக வந்து உட்கார்ந்தது. அழகான ஆப். பெரிய எழுத்து, பெரிய பச்சை டிக். பதிவு எண் என்ற வரி இல்லை.

அக்காவின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திங்கள் காலைக்கு வண்டி போட்டார். டிக் வந்தது. எண்ணைத் தேடினார். எண்ணும் இல்லை, எண்ணுக்கான இடமும் இல்லை. அடுப்படியில் இருந்த தங்கையிடம், “ஆப்பை மாத்திட்டாங்க போலிருக்கு. நம்பரையே எடுத்துட்டாங்க” என்றார்.

அக்கா வந்து போனை வாங்கிப் பார்த்தார். புதிய திரை. பெரிய எழுத்து. இத்தனை நாள் கத்தியதைக் கடைசியில் யாரோ காதில் வாங்கிச் சரிசெய்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதிவு எண்ணையே எடுத்திருக்கிறார்கள் என்றால் இனி டிக்கை நம்பலாம் என்றுதானே அர்த்தம்? சரியான யோசனை. அந்தத் திரையை வைத்து வேறு யாராலும் வேறு மாதிரி யோசித்திருக்க முடியாது. “சரி பண்ணிட்டாங்கண்ணா. இனிமே டிக் வந்தா வண்டி வரும்” என்றார். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணன் மாடியிலிருந்து இறங்கி, கட்டடத்து வாசலில் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். சனி ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமைதான் அவரைப் போன்றவர்களுக்கு மோசமான நாள். உடம்பு வெளியேற்ற முடியாததெல்லாம் சேர்ந்துபோய்க் கிடக்கும். வண்டி வரவில்லை. எங்களுக்கு போன் செய்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் பிரிவு சந்தைக் கடையாக இருந்தது. டிக் வந்தது, வண்டி வரவில்லை என்று ஊரே அழைத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு அழைப்பை வைப்பதற்குள் அடுத்தது வந்தது. அவருடைய எண் வரிசையில் வந்து, காத்திருந்து, அறுந்துபோனது எங்கள் திரையில் இருக்கிறது. பிறகு தங்கைக்கு அழைத்திருக்கிறார். அக்கா அந்தக் கிளையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போன் பைக்குள் சத்தமில்லாமல் இருந்தது.

அவர் வாடகை வண்டி பிடித்திருக்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவரை நான் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். டிக் வந்திருக்கிறது, வண்டி வரும் என்று தங்கையும் சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். எழுந்துபோன நேரத்தில் வண்டி வந்துவிட்டால் என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் அவருடைய நேரம் தாண்டிய பிறகுதான் மேலே ஏறிப் போயிருக்கிறார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சண்டை போட்டு, மறுநாள் காலை முதல் நேரத்தை வாங்கினார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று அங்கிருந்து கேட்டார்கள். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். கால்தான் கனக்கிறது என்றார். காலையில் அந்தக் கால்களைக் கட்டிலிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. அக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வாடகை வண்டியின் பின் இருக்கையில் அவருடைய இதயம் நின்றுபோனது. அக்காவின் தோளில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் அக்கா நினைத்திருக்கிறார்.

துக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மேனேஜர் அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அண்ணனுக்கு ஏன் வண்டி வரவில்லை என்று அதற்குள் எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது, எப்படிச் சொல்வது? அவர் வரும்வரை அந்த டெஸ்ட்டையும் யாரும் தொடவில்லை; பதிவுகளை நாங்கள் போனிலேயே சரிபார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது யாரும் அவரை நானூறு என்று கூப்பிடவில்லை. நேராகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பையைக் கீழே வைத்து, டெஸ்ட் முடிவுகளைத் திறந்தார். இத்தனை நாள் இல்லாமல் இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார். நான் காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும், அந்த ரிலீஸ் நாளின் சிவப்பு அங்கே இருக்கும். எதிர்பார்த்தது 200, வந்தது 409. கீழே அவருடைய பெயர், அடையாள அட்டையில் இருக்கிற பெயர்.

அதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சரி பண்ணியிருக்காங்க” என்றார். “சரியாத்தான் பண்ணியிருக்காங்க. என்னோடதுதான் தடுத்திருக்கு.”

“அக்கா, அது உங்க தப்பு இல்ல. அவங்க சொல்லித்தானே மாத்தினீங்க? நான் அன்னைக்குக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?”

“அவங்க சொன்னா என்ன? கை என்னோடதுதானே?”

நான் எழுந்து போய் அவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து வைத்தேன்.

புதிய சர்வர்க்காரர் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “மேடம், மேனேஜர் ஒத்துக்கிட்டார். இன்னைக்கே வெளியே விட்டுடலாம். அந்த டெஸ்ட்டை மட்டும் நீங்க...” என்று இழுத்தார்.

“உக்காருங்க” என்றார் அக்கா.

இருநூறை அழித்து நானூற்று ஒன்பது என்று எழுதினார். விவரத்தில் ‘இடமில்லை’ என்ற செய்தி இருக்க வேண்டும், அழைக்க வேண்டிய எண் இருக்க வேண்டும், அந்த எண் காலியாக இருக்கக் கூடாது என்று வரிசையாக எழுதினார். அவர் விரலில் அவசரமே இல்லை. புதியவர் தன் மாற்றத்தைத் திரும்பப் போட்டார். எல்லா டெஸ்ட்டும் ஓடின. மத்தியானத்துக்குள் எல்லாம் பச்சையாகி, வெளியே போயிற்று. இத்தனை வருஷம் நடக்காதது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியே விட்ட பிறகு உண்மையான சர்வரில் ஒருமுறை கையால் அனுப்பிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். அன்றைக்கும் செய்தார். நிரம்பிய நேரத்துக்கு அனுப்பினார். நானூற்று ஒன்பது வந்தது. தப்பான தேதிக்கு அனுப்பினார், நானூறு வந்தது. புதியவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அக்கா நிறுத்தவில்லை. நோயாளி எண் என்ற இடத்தில் இன்னொரு எண்ணை, எதையும் பார்க்காமல் மனப்பாடமாக அடித்தார். நாள் என்ற இடத்தில் அடுத்த திங்கட்கிழமை. அனுப்பினார்.

நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். திரையில் 404 வந்திருந்தது. கீழே விவரத்தில் ஒரே வரி: ‘இந்த நோயாளி பதிவில் இல்லை.’ ஆஸ்பத்திரிக்காரர்கள் அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

புதியவருக்கு அது யாருடைய எண் என்று தெரியவில்லை. “இது எதிர்பார்த்ததுதானா மேடம்?” என்று கேட்டார்.

அக்கா எண்ணைப் பார்த்தார். விவரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே பேச்சைத்தான் பேசின.

“ஆமா. சரியாச் சொல்லுது” என்றார்.